சாவிக்கு முன் வரும் கடைசி பில்

"வீடு தயார், மீதியைக் கட்டிவிட்டுச் சாவி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பில்டரிடமிருந்து வரும் கடிதத்தில், அதுவரை பேச்சிலேயே இல்லாத சில தொகைகளும் இருக்கும். சென்னையில் 40 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை வைத்துக்கொள்வோம். கடைசித் தவணையோடு 'ஈபி, மெட்ரோ வாட்டர் 1,75,000 ரூபாய்', 'பரப்பளவு வித்தியாசம் 24 சதுர அடிக்கு 1,56,000 ரூபாய்' என்று இரண்டு வரிகள். போனில் கேட்டால் "எல்லாருக்கும் இதேதான் சார்" என்பார்கள். அதனால் எழுத்தில் கேட்க வேண்டும். அதிலும் காரணம் கேட்காமல் காகிதம் கேட்க வேண்டும். "ஏன் இவ்வளவு?" என்றால் "விலைவாசி ஏறிவிட்டது" என்று பதில் வரும். ரசீது கேட்டால் அப்படி நழுவ முடியாது.

முதல் வரிக்கு இப்படி எழுதலாம்:

"ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி இத்தொகை கேட்கப்படுகிறது? மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் தாங்கள் கட்டிய மொத்தத் தொகை, அதன் டிமாண்ட் நோட்டீஸ், ரசீது நகல்கள், அதை வீடுகளுக்குப் பிரித்த கணக்கு ஆகியவற்றைத் தரவும். இதில் டெபாசிட் எவ்வளவு, திரும்பி வராத கட்டணம் எவ்வளவு, ஜிஎஸ்டி எவ்வளவு என்று தனித்தனியே காட்டவும்."

40 வீட்டுக்கும் இதே தொகை என்றால் மொத்தம் 70 லட்சம். ரசீதுகளைக் கூட்டினால் அந்த அளவுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. டெபாசிட்டைப் பிரித்துக் கேட்பதற்கும் காரணம் உண்டு. உங்கள் மீட்டருக்கான டெபாசிட் இணைப்போடு உங்கள் பெயருக்கு மாற வேண்டிய பணம்.

இரண்டாவது வரியில்தான் சூட்சுமம். ரெரா சட்டத்தில் கணக்குக்கு அடிப்படை கார்பெட் ஏரியா: வெளிச்சுவர், பால்கனி நீங்கலாக, உள்சுவர்களையும் சேர்த்து வீட்டுக்குள் புழங்கும் இடம். கூடிய 24 சதுர அடி வீட்டுக்குள் இருக்கிறதா, அல்லது லிஃப்ட், படிக்கட்டு, காரிடாரில் உங்கள் பங்கைக் கூட்டிப் போட்டிருக்கிறார்களா? ஒப்பந்தத்தில் எழுதிய கார்பெட் ஏரியாவையும் கட்டி முடித்தபின் அளந்ததையும் அருகருகே போட்டு, அளவு வரைபடத்தோடு கேளுங்கள். டேப் பிடித்து நீங்களே அறைகளை அளந்து பார்க்கலாம்.

"சிமென்ட் விலை ஏறிவிட்டது" என்று மூன்றாவதாக ஒரு வரி வந்தாலும் மிரள வேண்டாம். ரெரா மாதிரி ஒப்பந்தப்படி, விலையைக் கூட்டக் காரணமாகக் காட்டக்கூடியது அரசு அமைப்புகள் உயர்த்திய கட்டணங்களைத்தான்; அந்த உத்தரவின் நகலையும் பில்லோடு இணைக்க வேண்டும்.

பதில் வரும்வரை ஒரு பைசாவும் கட்டமாட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; தாமதத்துக்கு வட்டி கேட்க பில்டருக்கும் உரிமை உண்டு. சர்ச்சையில்லாத தவணையைக் கெடுவுக்குள் கட்டிவிட்டு, விவரம் கேட்பது இந்த இரண்டு வரிகளுக்கு மட்டுமே என்று கடிதத்தில் குறிப்பிடுங்கள். சாவிக்காக முழுவதையும் கட்டியே ஆகவேண்டிய நிலை என்றால் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று பணம் கட்டும் அன்றே எழுதிக் கொடுங்கள். கடிதம் மின்னஞ்சலிலும் ஒப்புகையோடு தபாலிலும் போகட்டும். 15 நாள் கெடு கொடுக்கலாம். அதற்குள் கணக்கு வரவில்லையென்றால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் கொடுக்கும் புகாரோடு இந்தக் கடிதத்தையும் ஒப்புகையையும் இணைத்துவிடலாம்.