இருபதாம் தேதியிலிருந்து பின்னோக்கி: புதிய வாடிக்கையாளருக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சல்

புதிய வாடிக்கையாளர் தம் ஜி.எஸ்.டி. கணக்கை ஒப்படைக்கச் சம்மதித்ததும் ஆடிட்டர் அலுவலகம் ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறது. வேலை எப்படி நடக்கும், யாரிடம் பேச வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ன முடியும், வாடிக்கையாளர் எதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். பல அலுவலகங்களின் மின்னஞ்சலில் நலம் விசாரிப்பும் கட்டண விவரமும் இருக்கும், தேதிகள் இருக்காது. ஒன்பதாம் தேதி மாலை கடைக்காரர் போன் செய்து “இன்னும் என்ன சார் வேணும்?” என்று கேட்டால், அந்த மின்னஞ்சல் சரியாக எழுதப்படவில்லை என்று பொருள்.

சேலத்தில் ஒரு ஹார்ட்வேர் கடையை எடுத்துக்கொள்ளலாம். தனி உரிமையாளர் நடத்தும் கடை. மாதந்தோறும் ரிட்டர்ன் போடும் முறையில் இருக்கிறது. ஆகஸ்ட் 1 முதல் புதிய அலுவலகம் கணக்கைப் பார்க்கிறது. ஆகவே அது முதலில் போடவேண்டியது ஜூலை மாத ரிட்டர்ன். மின்னஞ்சல் ஜூலை 25 வாக்கில் போய்ச் சேர்ந்தால்தான் கடைக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்கும்.

தேதிகளை அரசு விதித்த கெடுவிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். விற்பனை விவரம் அடங்கிய GSTR-1 அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் போக வேண்டும். வரி கட்டும் GSTR-3B 20ஆம் தேதிக்குள். முன்னதைப் போடாமல் பின்னதைப் போட முடியாது. கடைசி நாளில் இணையதளம் திணறுவது வழக்கம் என்பதால் 10ஆம் தேதியே GSTR-1ஐ முடித்துவிடுவது நல்லது. அதற்குக் கடைக்காரர் 9ஆம் தேதி மாலைக்குள் வரைவைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். வரைவு 7ஆம் தேதி அவர் கைக்குப் போக வேண்டும். அப்படியானால் விற்பனை பில்கள் 5ஆம் தேதி அலுவலகத்துக்கு வந்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் இந்த நான்கு தேதிகளையும் எழுதி, ஒவ்வொன்றும் யார் செய்ய வேண்டியது என்றும் சொல்லிவிட்டால், 5ஆம் தேதி ஏன் 5ஆம் தேதியாக இருக்கிறது என்பது கடைக்காரருக்கே புரிந்துவிடும். “மாத ஆரம்பத்தில் அனுப்பவும்” என்று எழுதினால் புரியாது.

கொள்முதல் பக்கம் இதைவிடச் சிக்கலானது, மின்னஞ்சலில் கூடுதல் இடம் பெறவேண்டியதும் அதுதான். கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, வியாபாரிகள் இன்புட் என்று சொல்வதை, தாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சரக்கு விற்றவர் அந்த பில்லைத் தம் GSTR-1இல் ஏற்றியிருந்தால்தான் அது கடைக்காரரின் GSTR-2Bயில் தெரியும்; தெரியாத இன்புட்டை எடுக்க முடியாது. இந்தப் பட்டியல் 14ஆம் தேதி உருவாகிறது. மாத ரிட்டர்ன் போடும் சப்ளையர் 11ஆம் தேதியைத் தாண்டி ஏற்றினால் பில் அடுத்த மாதப் பட்டியலுக்குப் போய்விடும். ₹2,00,000 மதிப்புள்ள பெயின்ட் பில்லில் 18 சதவீதம், அதாவது ₹36,000 வரி என்று வைத்துக்கொண்டால், அது பட்டியலில் இல்லாத மாதத்தில் கடைக்காரர் அந்த ₹36,000ஐக் கையிலிருந்து கட்ட நேரிடும். 19ஆம் தேதி திடீரென்று இதைக் கேட்கும் கடைக்காரர் அலுவலகத்தின் மேல்தான் கோபப்படுவார். ஆகவே முதல் மின்னஞ்சலே இப்படிச் சொல்லிவிட வேண்டும்:

“ஐயா, வணக்கம். ஜூலை மாதக் கொள்முதல் பில்களை ஆகஸ்ட் 10ஆம் தேதிக்குள் அனுப்புங்கள். 14ஆம் தேதி வரும் பட்டியலோடு ஒப்பிட்டு, விட்டுப்போன பில்களை 16ஆம் தேதி தெரிவிப்போம். அந்தச் சப்ளையர்களிடம் நீங்கள்தான் பேச வேண்டும். நாங்கள் பேசினால் அவர்கள் பதில் சொல்வதில்லை. கட்டவேண்டிய வரித் தொகையை 17ஆம் தேதி சொல்வோம். 18ஆம் தேதி பணம் கட்டினால் 19ஆம் தேதி ரிட்டர்ன் போய்விடும்.”

கேட்கும் பொருள்களை இரண்டாகப் பிரிப்பது அவசியம். ஒரு முறை கொடுத்தால் போதுமானவை ஒரு பகுதி: பதிவுச் சான்றிதழ், கடந்த ஏப்ரல் முதல் போட்ட ரிட்டர்ன்களின் நகல், டேலி பேக்கப், ஜூலை தொடக்கத்தில் இருந்த இன்புட் இருப்பு. மாதந்தோறும் வரவேண்டியவை மறு பகுதி: விற்பனை பில், கொள்முதல் பில், சரக்கு திரும்பியதற்கான கிரெடிட் நோட், பேங்க் ஸ்டேட்மென்ட். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால், பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஆகஸ்டில் ஒருமுறை கொடுத்ததோடு தம் கடமை முடிந்தது என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வார். எந்த வடிவில் வேண்டும் என்பதும் சேர வேண்டும். பில்லை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்புவது நாட்டு வழக்கமாகிவிட்டது. நாற்பது படங்களில் இரண்டு மங்கலாக இருந்தால் எந்த இரண்டு என்று தேடுவதிலேயே அரை நாள் போகும். விற்பனைக்கு எக்செல், கொள்முதலுக்கு ஸ்கேன் செய்த பிடிஎஃப், இரண்டும் ஒரே மின்னஞ்சல் முகவரிக்கு என்று முடிவாகச் சொல்வது மேல்.

கடவுச்சொல்லை மின்னஞ்சலில் கேட்கக் கூடாது. நேரில் அல்லது போனில் வாங்கி, உடனே மாற்றச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமான கேள்வி, இணையதளத்தில் யாருடைய கைபேசி எண் பதிவாகியிருக்கிறது என்பது. பழைய கணக்கர் பதிவு செய்தபோது தம் எண்ணையும் மின்னஞ்சலையுமே கொடுத்துவைத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. தனி உரிமையாளர் ஓடிபி மூலம் ரிட்டர்னை உறுதிசெய்யலாம். ஆனால் ஓடிபி பழைய கணக்கருக்குப் போனால் 10ஆம் தேதி வேலை அப்படியே நின்றுவிடும். அவர் ஒத்துழைத்தால் இணையதளத்திலேயே எண்ணை மாற்றலாம். ஒத்துழைக்காவிட்டால் உரிய ஆவணங்களோடு தம் பகுதி வரி அதிகாரியிடம் விண்ணப்பித்து மாற்ற வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். ஜூலை 25ஆம் தேதி மின்னஞ்சலில் இந்தக் கேள்வி முதலிடம் பெறவேண்டியது இதனால்தான்.

தொடர்புக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு பேர் போதும். அலுவலகத்தில் அன்றாடம் பில் பார்ப்பவர் ஒருவர், நோட்டீஸ் வந்தால் முடிவெடுப்பவர் ஒருவர். கடையில் பில் அனுப்பும் கணக்குப்பிள்ளை ஒருவர், வரைவுக்குச் சரி சொல்லும் முதலாளி ஒருவர். பில் அனுப்புபவரின் சம்மதத்தையே முதலாளியின் சம்மதமாக எடுத்துக்கொண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் பிறகு தகராறு வரும். 10ஆம் தேதியும் 19ஆம் தேதியும் முதலாளி ஊரில் இல்லையென்றால் ஓடிபி யார் சொல்வது என்பதையும் இங்கேயே கேட்டுவிடலாம்.

தாமதமானால் என்ன ஆகும் என்பதைப் பயமுறுத்தாமல் ஒரு பத்தியில் எழுதலாம். GSTR-3B தாமதமானால் நாளுக்கு ₹50 தாமதக் கட்டணம், வரி எதுவும் இல்லாத ரிட்டர்னுக்கு ₹20; கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. 5ஆம் தேதிக்குப் பிறகு வரும் விற்பனை பில் அந்த மாத GSTR-1இல் சேரும் என்று அலுவலகம் உறுதி தர முடியாது, அதனால் வரும் தாமதக் கட்டணம் கடையைச் சேர்ந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். பில் குறித்த நாளில் வந்தும் அலுவலகம் தவறவிட்டால் அந்தக் கட்டணத்தை அலுவலகம் ஏற்கும் என்ற வரியும் பக்கத்திலேயே இருந்தால்தான் முந்தைய வரி நியாயமாகத் தெரியும்.

பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் அலுவலகங்கள் வழுக்கி விழுவது தேதியில்தான். ஆண்டு விற்றுமுதல் ₹5 கோடி வரை உள்ளவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அவர்களுக்கு GSTR-1 காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13ஆம் தேதி, தமிழ்நாட்டில் GSTR-3B 22ஆம் தேதி. ஹார்ட்வேர் கடைக்கு எழுதிய 5, 7, 9 அங்கே பொருந்தாது.

பொருள் வரியும் சும்மா “வணக்கம்” என்று இருக்கக் கூடாது. “ஜூலை ஜி.எஸ்.டி.: ஜூலை 30க்குள் 4 ஆவணங்கள், ஒரு கேள்விக்குப் பதில்” என்று எழுதினால் கடையில் கூட்டம் இருக்கும்போதும் கண்ணில் படும். கடைசி வரி “சந்தேகம் இருந்தால் தொடர்புகொள்ளவும்” என்பதாக இல்லாமல், “ஓடிபி வரும் எண் உங்களுடையதுதானா என்று ஜூலை 28க்குள் பதில் போடுங்கள்” என்று ஒரே ஒரு பதிலைக் கேட்பதாக இருக்க வேண்டும். 28ஆம் தேதி பதில் வரவில்லையென்றால் 29ஆம் தேதி காலையில் அலுவலகம் போன் செய்கிறது.