தவறிப்போன ஒரு ஸ்கிரீன்ஷாட்

மதுரையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு தோழிகளின் கதை இது. ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஐயாயிரம் கைமாற்று கேட்டாள். மற்றவள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "மறுபடி ஆரம்பிச்சுட்டா பாரு" என்று எழுதித் தன் அக்காவுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்தது பணம் கேட்டவளுக்கே.

இப்படி நடப்பது அபூர்வமில்லை. அனுப்பும்போது வரும் பட்டியலில், சற்று முன் பேசியவர்களின் பெயர்தான் பெரும்பாலும் மேலே நிற்கும். யாருடைய சாட்டைப் படம் பிடித்தோமோ அவர்தானே கடைசியாகப் பேசியவர்! அவசர விரல் அங்கேதான் விழும்.

அனுப்பியதை எல்லோருக்குமாக நீக்கும் வசதி 2017-இல் வந்தது. முதலில் ஏழே நிமிடம்தான் அவகாசம். 2022-இல் அது இரண்டு நாளுக்கும் மேலானது. ஆனால் நீக்கினாலும் 'செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மிஞ்சும். பதற்றத்தில் 'எனக்கு மட்டும்' என்பதைத் தொட்டுவிட்டால் இன்னும் மோசம்: நம் போனில் மறையும், எதிராளியிடம் அப்படியே இருக்கும். அதை மீட்க உள்ள 'அன்டூ' சில நொடிகளே தெரியும்.

இவள் தொட்டது அதைத்தான். நீல டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது.

மறுநாள், "பணம் ஏற்பாடாயிடுச்சு, சிரமப்படாதே" என்று மட்டும் பதில். சண்டையில்லை. மதியம் சேர்ந்தே சாப்பிடுகிறார்கள், குழம்பு மாற்றிக்கொள்கிறார்கள். வீட்டுக் கஷ்டம் மட்டும் பேச்சில் வருவதில்லை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அவள் கூட்டுறவு சங்கத்தில் கடன் போட்டதையே, ஜாமீன் கையெழுத்திட்ட இன்னொருத்தி சொல்லித்தான் இவள் அறிந்தாள்.