நெய் ஏன் மணல் கட்டுகிறது?

போன ஐப்பசி மழையில், திங்கள்சந்தையில் இருந்து வாடிக்கையாக நெய் வாங்கும் அம்மா ஒருவர் பாட்டிலோடு வந்து வாசலில் நின்றார். "சாரே, போன தடவ தந்தது வெண்ணெ மாதிரி வழவழன்னு இருந்துச்சு. இது ரவை ரவையா கெடக்கு. என்னத்தக் கலந்திய?"

எனக்கு முகம் வாடிவிட்டது. ஊர்ப் பெயரிலேயே நெய்யை வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைக் கேட்பதா? இரண்டு தடவையும் அதே மாடுகள், அதே தயிர், அதே உருளி. பேங்கில் இருந்தபோது கணக்கு இடித்தால் இரண்டு பேரேடுகளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்பேன். அப்படியே யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு வித்தியாசம்தான் கிடைத்தது. முதல் தடவை அவசரமாகக் கொடுக்க வேண்டி, சூடு இறங்கியதும் பிரிட்ஜில் வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை அடுக்களை அலமாரியிலேயே இருந்தது.

பால் கொழுப்பு ஒரே பொருள் அல்ல; பலவகைக் கொழுப்புகளின் கலவை. சில நம் ஊர் வெயிலிலும் கெட்டியாக நிற்கும். சில மழைக்காலத்திலும் எண்ணெயாகவே ஓடும். நெய் மெதுவாக ஆறினால், கெட்டிக் கொழுப்பு முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகளில் உறைகிறது. மீதிக் கெட்டிக் கொழுப்பு அந்தப் புள்ளிகளையே தேடிப் போய் ஒட்டிக்கொள்வதால் மணி பெரிதாகிறது. பனங்கற்கண்டு கட்டுவதும் இப்படித்தான்: பாகை அசைக்காமல் நாள்கணக்கில் விட்டால்தான் கட்டி பெரிதாக விளையும். சட்டென்று குளிரவைத்தால் ஒரே நேரத்தில் எண்ணிக்கையில்லாத புள்ளிகள் தோன்றிவிடுகின்றன. எதற்கும் வளர இடமும் இல்லை, நேரமும் இல்லை. நாக்குக்குத் தெரியாத பொடி மணிகளாக நின்றுவிடும். அதுதான் வழவழப்பு.

சும்மா சொன்னால் அந்த அம்மா நம்பமாட்டார்கள் என்று, அடுத்த வாரம் ஒரு கிலோ வெண்ணெய் உருக்கினேன். சடசடப்பு அடங்கி, கசண்டு பொன்னிறமானதும் இறக்கி வடிகட்டினேன். முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. அறுபது டிகிரிக்கு ஆறியதும் மூன்று பாட்டில்களில் ஊற்றினேன். (காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, நூறு டிகிரிக்கு மேல் காட்டுவது வேண்டும்.) முதல் பாட்டிலைத் துண்டில் சுற்றி அரிசிப் பானைக்குள் இறக்கினேன். இரண்டாவது ஜன்னல் திட்டில். மூன்றாவதைச் சூடு தணிந்ததும் ஐஸ் போட்ட தண்ணீரில் நிறுத்திக் கிளறிவிட்டு, பிரிட்ஜில் வைத்தேன்.

மூன்றாவது அன்றைக்கே வெண்ணெய்போல இறுகிவிட்டது. அரிசிப் பானைப் பாட்டிலில் மறுநாள்தான் அடியில் மணி தெரிந்தது. மூன்றாம் நாள் நல்ல ரவைப் பதம், மேலே மஞ்சளாக ஒரு விரற்கடை எண்ணெய். ஜன்னல் பாட்டில் இரண்டுக்கும் நடுவில். அந்த நாள்களில் வீட்டுக்குள் 28 டிகிரி ஓடியது. மணி விளைவதற்கு 27 முதல் 30 வரை நல்ல கணக்கு. மழைக்கால நாஞ்சில் நாட்டில் அது தானாகவே அமைந்துவிடுகிறது.

மணி வேண்டுமென்றால் முழுக்க உருக்கி, நிழலில் வைத்து, இரண்டு மூன்று நாள் தொடாமல் விடுங்கள். அடிக்கடி எடுத்து ஆட்டிப் பார்த்தால் மணி சிறுத்துவிடும். பழைய மணி நெய் ஒரு ஸ்பூன், கைச்சூட்டுக்கும் கீழே ஆறிய பிறகு சேர்த்தால் அது விதையாக நிற்கும். சூட்டில் போட்டால் விதையும் கரைந்துபோகும். வழவழப்பு வேண்டுமென்றால் வேகமாகக் குளிரவைத்து, பிரிட்ஜிலேயே வைத்திருங்கள். வெளியில் வைத்தால் பகலில் பாதி இளகி, ராத்திரி மறுபடி இறுகி, சில வாரங்களில் அதுவும் மணல் கட்டும்.

எருமை நெய்யில் மணி பசு நெய்யைவிடப் பெரிதாக வரும். பருத்திக்கொட்டை தின்ற மாட்டின் நெய்யும் அப்படித்தான், கெட்டியாக நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. 'மணல் மணலாக இருந்தால் அசல்' என்று சந்தையில் சொல்வதையும் நம்ப வேண்டாம். வனஸ்பதி கம்பெனிகளும் நெய்போலத் தெரியவேண்டும் என்று மெதுவாக ஆறவைத்து மணி கட்டவைத்தவைதான். மணி இருப்பதும் இல்லாததும் ஆறிய விதத்தைச் சொல்லும்; கலப்படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஆனால் மணி கொழுப்புத்தானா என்று பார்க்கலாம். ஒரு ஸ்பூன் நெய்யைக் கிண்ணத்தில் போட்டு வெந்நீரில் வையுங்கள். கொழுப்பு மணி என்றால் ஐம்பது டிகிரிக்குள் சுவடில்லாமல் தெளிந்துவிடும். தெளியாமல் அடியில் தங்கினால் அது வடிகட்டத் தவறிய கசண்டு, அல்லது வேறு ஏதோ. புளித்த வாடையும் வந்தால் ஈரம் போகும்வரை காய்ச்சவில்லை என்று அர்த்தம்.

அந்த அம்மாவை வரவழைத்து, அவர்கள் திருப்பித் தந்த பாட்டிலை அவர்கள் முன்னாலேயே வெந்நீரில் இறக்கினேன். கண்ணாடிபோலத் தெளிந்தது. மூன்று பாட்டில்களையும் காட்டினேன். ஒவ்வொன்றிலும் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அரிசிப் பானைப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, "இது எவ்வளவு சாரே?" என்றார்கள்.