டொராண்டோ வரும் தம்பிக்கு: குளிரும் உன் வாடகை அறையும்

அன்புள்ள தம்பி,

விசா வந்துவிட்டது, டிசம்பர் கடைசியில் கிளம்புகிறாய் என்று சித்தி சொன்னார். பெட்டியில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று நீ கேட்டிருந்தாய். உடுப்பை இங்கே வாங்கிக்கொள்ளலாம். ஸ்கார்பரோவில் புதிதாக வரும் மாணவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் இடத்தில் நான் ஒவ்வொரு குளிர்காலமும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே தவறுகளோடு வெவ்வேறு பிள்ளைகள் வருகிறார்கள். குளிரில் நடுங்கியபடி வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறார்கள், இல்லாவிட்டால் கோபத்தில் வாடகையை நிறுத்திவிட்டு வெளியேற்ற நோட்டீஸோடு வந்து நிற்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சம். பாளையங்கோட்டையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே ஜூனில் பகல் பதினைந்தரை மணி நேரம், டிசம்பர் 21-இல் ஒன்பது மணி நேரம்கூட முழுதாக இல்லை. நீ வந்து இறங்கும் வாரத்தில் காலை 7.50-க்குச் சூரியன் எழும், மாலை 4.45-க்கு இறங்கிவிடும். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால், வடக்கே போகப் போக இந்த வித்தியாசம் கூடுகிறது. நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகைதான் ஏறும். நம் ஊரில் அதே நாளில் அது 58 பாகை. அதனால் வானம் பளிச்சென்று இருந்தாலும் வெயிலில் சூடு இருக்காது. ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துவிட்டு மெல்லிய சட்டையோடு வெளியே போகாதே.

அந்தத் தாழ்ந்த வெயிலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை நம் தோலால் வைட்டமின் டி செய்துகொள்ள முடியாது. கருமையான தோலுக்கு மற்ற மாதங்களிலும் கூடுதல் நேரம் வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் தேவை. இங்கே விற்கும் பசும்பாலில் அதைச் சேர்த்தே விற்கிறார்கள். மாத்திரையும் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். மதியம் அரை மணி நேரம் வெளியே நட. இரண்டு வாரத்துக்கு மேல் எழுந்திருக்கவே பிடிக்காமல், எந்நேரமும் தூக்கமாக, யாரையும் பார்க்க மனமில்லாமல் இருந்தால், ஊர் நினைப்புதான் என்று மூடி வைக்காமல் கல்லூரியின் ஆலோசகரிடம் போ. இருட்டு மாதங்களில் வரும் இந்தச் சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது.

அடுத்தது வெளிக்குளிர். வானிலை அறிக்கையில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் 'விண்ட் சில்' என்று இன்னொரு எண் இருக்கும். காற்று உடம்பின் சூட்டை எவ்வளவு வேகமாகப் பிடுங்குகிறது என்பதை அது சொல்கிறது. மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் மைனஸ் 20 போல இருக்கும். மைனஸ் 20-இல் அதே காற்று அடித்தால் மைனஸ் 33. அந்த எண் மைனஸ் 28-ஐத் தாண்டினால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும். பஸ் தாமதமானால் அவ்வளவு நேரம் நீ நிறுத்தத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை மறக்காதே. காது, மூக்கு, விரல்தான் முதலில் போகும். புத்தகங்கள் தோல் வெளுக்கும் என்கின்றன. நம் நிறத்தில் அது சாம்பல் பூத்தாற்போல் தெரியும், தொட்டால் மெழுகு போல உணர்ச்சியற்று இருக்கும். அப்போது தேய்க்காதே, பனியைப் பூசாதே, ஹீட்டருக்கு நேரே நீட்டாதே. உள்ளே வந்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் வை. உணர்ச்சி திரும்பாவிட்டால், கொப்புளம் வந்தால், மருத்துவமனைக்குப் போ. கல்லூரி கொடுக்கும் காப்பீட்டு அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும்.

இனி உன் அறை. நீ பேசி வைத்திருப்பது பேஸ்மென்ட் அறை என்று சித்தி சொன்னார். அங்கேதான் பிரச்சினை. வீடு முழுவதற்கும் ஒரே ஃபர்னஸ், அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் மேல்மாடியில். மேலே இருப்பவர்களுக்குச் சூடு போதும் என்றால் கீழே உனக்குப் போதாது. குளிர்கிறது என்று சொன்னால், கம்பளி போட்டுக்கொள் என்பார்கள், அல்லது ஒரு சிறிய மின் ஹீட்டரை நீட்டுவார்கள்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் செலவில் சூடேற்றப்படும் வாடகை வீட்டில் குளிர்காலம் முழுதும் குறைந்தது 21 பாகை வெப்பம் இருக்க வேண்டும் என்பது டொராண்டோ நகரத்தின் விதி. இப்படி உள்ளூர் விதி இல்லாத ஊர்களுக்கு ஒன்டாரியோ மாநில விதி 20 பாகை என்கிறது. அளக்கும் இடத்தையும் அந்த மாநில விதி சொல்கிறது: தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், வெளிச்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. தனியாக வைக்கும் ஹீட்டரை முக்கிய வெப்ப வழியாக வைத்துக் கணக்குக் காட்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. அவர் நீட்டும் ஹீட்டர் கடமையைத் தீர்க்காது.

கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் வந்தான். அறையில் 16, 17 பாகை. வீட்டுக்காரரிடம் நேரில் மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறான். எழுத்தில் ஒரு வரி இல்லை. கடைசியில் பிப்ரவரி வாடகையை நிறுத்தினான். வீட்டுக்காரர் மறுநாளே என்4 என்ற படிவத்தைக் கொடுத்தார். வாடகை பாக்கிக்கான அந்த நோட்டீஸில் கட்டச் சில நாள்தான் தருவார்கள். கட்டாவிட்டால் வீட்டுக்காரர் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நியாயம் முழுக்க அவன் பக்கம் இருந்தது. வாடகையை நிறுத்தியதால் பேச்சு குளிரிலிருந்து பாக்கிக்கு மாறிவிட்டது. வாடகையை நிறுத்தாதே. மறுபடி சொல்கிறேன், எவ்வளவு கோபம் வந்தாலும் வாடகையை நிறுத்தாதே.

அவனை உட்காரவைத்து நாங்கள் செய்த வரிசையை நீ முதல் நாளிலிருந்தே செய். சாதாரண தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு. மேலே சொன்ன உயரத்தில் வைத்து, காலை, மாலை, படுக்கும்முன் என்று மூன்று வேளை தேதியோடு படம் எடு. வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுது: இன்ன தேதிகளில் என் அறையில் இவ்வளவு பாகை, 21 இருக்க வேண்டும், சரிசெய்து தாருங்கள். மரியாதையாக, சுருக்கமாக. அவர் போனில் பதில் சொன்னாலும், நீங்கள் சொன்னது இது என்று மறுபடி எழுத்தில் அனுப்பிவை.

அசையாவிட்டால் 311. அது நகராட்சியின் எண், மொழிபெயர்ப்பாளர் கேட்டால் தமிழில் பேசலாம். வெப்பம் குறைவு, அல்லது வெப்பமே இல்லை என்று தெளிவாகச் சொல். ஃபர்னஸ் முழுதும் நின்றிருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல், அதை அவசரமாக எடுப்பார்கள். அவர்கள் தரும் புகார் எண்ணைக் குறித்து வை. எண் இல்லாத புகார் யாரும் கேட்காத புகார். ஆய்வாளர் வந்து அளந்து வீட்டுக்காரருக்கு உத்தரவு போடலாம். வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லையென்றால் சும்மா இருக்காதே, அதே எண்ணைச் சொல்லி மறுபடி கூப்பிடு. அலுவலகங்கள் அலட்சியமாக இருப்பதில் பாதி, நாம் ஒரு தடவையோடு விட்டுவிடுவதால்தான்.

அதற்கும் மேல் வாடகைத் தீர்ப்பாயம், அதன் டி6 படிவம். பராமரிப்புக் கடமையை வீட்டுக்காரர் செய்யவில்லை என்று அதில் கேட்கலாம். குளிரில் கழித்த மாதங்களுக்கு வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரச் சொல்லலாம். பிரச்சினை நடந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆகும், அதனால்தான் படங்களும் செய்திகளும் முக்கியம். கட்டணம் உண்டு, வருமானம் குறைவென்றால் விலக்குக் கேட்கும் படிவமும் உண்டு. வீட்டுக்காரர் வேண்டுமென்றே வெப்பத்தை அணைத்தால் அது குற்றம். மாநிலத்தின் வாடகை வீட்டு அமலாக்கப் பிரிவில் புகார் செய்யலாம். படிவம் நிரப்பச் சமூகச் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம். அனுமதி இல்லாத பேஸ்மென்ட், புகார் செய்தால் எனக்கே ஆபத்து என்று பலர் பயப்படுகிறார்கள். அறைக்கு அனுமதி இல்லை என்பதால் வாடகைதாரரின் உரிமை போய்விடாது.

ஒரே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையாளரோடோ அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோடோ நீ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்வதாக ஏற்பாடு இருந்தால், மாநில வாடகைச் சட்டம் உனக்குப் பொருந்தாது. தீர்ப்பாயக் கதவு மூடிவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைக் கேள்: சமையலறை யாருடையது, உரிமையாளர் எங்கே குடியிருக்கிறார்? இதைக் கேட்காமல் ஊரிலிருந்தே பணம் அனுப்பிவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

குளிர் தாங்காமல் செய்யும் அடுத்த தவறு உயிரையே எடுக்கும். கேஸ் அடுப்பின் ஓவனைத் திறந்து வைத்து அறையைச் சூடாக்குகிறார்கள், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருகிறார்கள். 2013 டிசம்பரில் உறைபனிப் புயலில் இங்கே லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போனபோதும் இதே ஆபத்தைத்தான் மக்கள் வீட்டுக்குள் இழுத்து வைத்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் வரும். காய்ச்சல் இருக்காது, வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வரும், வெளியே போனால் குறையும். படுக்கும் இடத்துக்கு அருகில் அதற்கான அலாரம் இருக்க வேண்டும், வைத்துத் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு. பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும், அறைக்குப் போன அன்றே பார். நிமிடத்துக்கொரு சின்ன ஒலி என்றால் பேட்டரி தீர்கிறது அல்லது ஆயுள் முடிந்தது. விடாமல் அலறினால் எல்லோரும் வெளியே போய் 911-ஐக் கூப்பிடுங்கள். தூக்கம் கெடுகிறது என்று அதைக் கழற்றிவைக்காதே. கழற்றுவது சட்டப்படியும் குற்றம்.

கடைசியாக, பனியில் சறுக்கி விழுவது. நகராட்சி நடைபாதையில் விழுந்து எலும்பு முறிந்தால், பத்து நாளுக்குள் நகராட்சி எழுத்தருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: தேதி, நேரம், சரியான இடம். தனியார் இடத்தில், அதாவது கடை வாசலிலோ வாடகை வீட்டுப் படியிலோ விழுந்தால் அறுபது நாள், அந்த இடத்துக்காரருக்கோ பனி அள்ள ஒப்பந்தம் எடுத்தவருக்கோ பதிவுத் தபாலில் அல்லது நேரில். கட்டுப்போட்டுப் படுத்திருக்கும்போது பத்து நாள் ஓடிவிடும். விழுந்த இடத்தைப் பனி உருகுமுன் யாரையாவது படம் எடுக்கச் சொல், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.

முன்பணம் இன்னும் அனுப்பவில்லையென்றால், உரிமையாளரிடம் கேட்க வேண்டிய அந்தக் கேள்வியை இன்றைக்கே எழுத்தில் கேட்டு, வரும் பதிலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா