திறக்காத ஸ்லைடுகளை மீட்டுக் கட்டுவது எப்படி?

பவர்பாயிண்ட் கோப்பைத் திறக்கப் போனால், உள்ளடக்கத்தில் ஏதோ சிக்கல், சரிசெய்து பார்க்கட்டுமா என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. கீழே Repair என்றொரு பொத்தான். அவசரத்தில் இருப்பவர் உடனே அதை அழுத்துவார். கோப்பும் திறந்துவிடும். முதல் நாலைந்து ஸ்லைடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘அப்பாடா’ என்று பழைய பெயரிலேயே சேமித்தும் விடுவார். சிக்கல் முற்றுவது அங்கேதான்.

படிக்க முடியாத பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை மட்டும் திறந்து காட்டுவதுதான் அந்தப் பொத்தானின் வேலை. 17ஆம் ஸ்லைடில் இருந்த வரைபடம் போயிருக்கலாம். அந்த இடத்தில் வெறும் வெள்ளைப் பக்கம் நிற்கும். அதையே பழைய பெயரில் சேமித்தால், வேறு வழியில் மீட்டிருக்கக்கூடிய துண்டுகளும் சேர்ந்து அழிந்துவிடும். அதனால் முதல் வேலை, கெட்ட கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கைவைப்பது. பென் டிரைவில் இருந்தால் முதலில் கணினிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சில சமயம் கோளாறு கோப்பில் இல்லாமல் பென் டிரைவிலேயே இருக்கும்.

2007 முதல் வழக்கத்தில் இருக்கும் பிபிடிஎக்ஸ் வகைக் கோப்பு, உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. பெயரின் கடைசியில் உள்ள .pptx என்பதை .zip என்று மாற்றித் திறந்தால் அதன் வயிறு தெரியும். ppt என்ற ஃபோல்டருக்குள் slides, அதில் slide1.xml, slide2.xml என்று ஒவ்வொரு ஸ்லைடும் தனித்தனி எழுத்துக் கோப்பு. படங்கள் media என்ற ஃபோல்டரில். வரைபடங்களுக்கு charts, அவற்றின் பின்னால் இருக்கும் எக்செல் தாள்களுக்கு embeddings. ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகச் சுருக்கி வைக்கப்பட்டிருப்பதால், ஒன்று கெட்டால் அடுத்தது கெட வேண்டும் என்பதில்லை. 40 ஸ்லைடுகளும் ஒரேயடியாகப் போய்விட்டன என்று தோன்றும் இடத்தில், உண்மையில் போனது ஒன்றிரண்டு துண்டுகளாகவே இருக்கலாம்.

எதுவுமே மிஞ்சாத நிலையும் உண்டு. அதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பிரதியை நோட்பேடில் திறந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டு எழுத்துகள் PK என்று இருந்தால், உள்ளே ஜிப் இருக்கிறது, முயன்று பார்க்கலாம். (ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை.) எழுத்தே இல்லாமல் வெற்றிடமாக நீண்டுகொண்டே போனால், கோப்பு முழுக்கப் பூஜ்யங்கள். சேமிக்கும்போது மின்சாரம் போனாலோ, பென் டிரைவைப் பாதியில் பிடுங்கினாலோ இப்படி ஆவதுண்டு. அளவு 8 எம்பி என்று காட்டும். உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தக் கோப்போடு மல்லுக்கட்டுவது வீண். பழைய பிரதிகளைத் தேடப் போவதே நல்லது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு மேலே போகலாம். ஏரி நீர்மட்டம் பற்றிய ஆய்வுத் திட்டத்துக்காக ஒரு முதுகலை மாணவி 42 ஸ்லைடுகள் செய்திருக்கிறார். கோப்பு கெட்டுவிட்டது. போன வாரம் வழிகாட்டிப் பேராசிரியருக்கு வாட்ஸப்பில் அனுப்பிய பிடிஎஃப் ஒன்று கையில் இருக்கிறது. அதில் 40 பக்கங்கள்தாம். கடைசி இரண்டு ஸ்லைடுகள் பிறகு சேர்த்தவை.

கெட்ட கோப்பைச் சரிசெய்வது அவருடைய நோக்கமாக இருக்கக் கூடாது. புதிதாக ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, பழையதிலிருந்து நல்ல ஸ்லைடுகளை அதற்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் ஒன்று: Design பட்டியலில் ஸ்லைடின் அளவைப் பழைய கோப்பின் அளவுக்குப் பொருத்த வேண்டும். பழையது 4:3, புதியது 16:9 என்றால் வந்து சேரும் படங்களும் எழுத்தும் இடம் மாறி நிற்கும். பிறகு, அந்த வசதி உள்ள பதிப்பு என்றால், Home பட்டியலில் New Slide என்பதன் அடியில் இருக்கும் Reuse Slides. வலப்பக்கம் ஒரு பட்டை திறக்கும். அதில் கெட்ட கோப்பின் பிரதியைக் காட்டினால், ஸ்லைடுகள் சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் வந்து நிற்கும். Keep source formatting என்ற கட்டத்தில் டிக் போட மறந்தால் பழைய நிறமும் எழுத்துருவும் வராது. புதிய கோப்பின் வெள்ளைப் பின்னணிக்கு எல்லாம் மாறிவிடும்.

நேராகத் திறக்க முடியாத கோப்பிலிருந்து இப்படி எடுக்க மட்டும் எப்படி முடிகிறது? கோப்போடு வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் பல சங்கதிகள் இந்த வழியில் புதிய கோப்புக்கு வருவதில்லை. கேட்ட ஸ்லைடும் அதைச் சார்ந்த வடிவமைப்பும்தான் வருகின்றன. கோளாறு அந்த மற்ற சங்கதிகளில் இருந்தால், அது பழைய கோப்போடு நின்றுவிடும்.

எல்லா ஸ்லைடுகளையும் ஒரே மூச்சில் சேர்க்கும் வசதியும் அந்தப் பட்டையில் உண்டு. அதைக் கொடுத்தால் பவர்பாயிண்ட் நடுவில் உறைந்துவிடக்கூடும். மாணவி பத்துப் பத்தாக எடுக்கட்டும். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் புதிய கோப்பைச் சேமித்து, மூடி, திரும்பத் திறந்து பார்க்கட்டும். இந்த மூடித் திறப்பது அலுப்பான வேலைதான். ஆனால் கெட்ட ஸ்லைடு ஒன்று சத்தமில்லாமல் உள்ளே வந்து புதிய கோப்பையும் கெடுத்தால், அதைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சோதனைதான். முதல் பத்து சுத்தம். 11 முதல் 20 வரை எடுத்துச் சேமித்தால், திறக்கும்போது பழைய எச்சரிக்கை திரும்ப வருகிறது. அப்படியானால் அந்தத் தவணையை நீக்கிவிட்டு, ஐந்தைந்தாக, பிறகு ஒவ்வொன்றாக. கடைசியில் குற்றவாளிகள் 17உம் 18உம் என்று தெரிகிறது. மற்ற 40 ஸ்லைடுகளும் நலம். பிடிஎஃப்பில் இல்லாத 41, 42 இரண்டும் இந்த வழியிலேயே கிடைத்துவிட்டன.

பட்டையில் கோப்பைக் காட்டினாலும் ஸ்லைடுகள் வரவில்லை என்றால், வேறு மென்பொருளைக் கேட்டுப் பார்க்கலாம். லிப்ரே ஆஃபீஸ் இம்ப்ரெஸ் இலவசம். அதிலும் வேறு கோப்பிலிருந்து ஸ்லைடு சேர்க்கும் வசதி உண்டு. கூகுள் ஸ்லைட்ஸில் File பட்டியலின் Import slides அதே வேலையைச் செய்யும். ஒன்று முகம் சுளிக்கும் பிழையை இன்னொன்று கண்டுகொள்ளாமல் விடும். அனிமேஷனும் எழுத்துருவும் கொஞ்சம் குலையலாம். உள்ளடக்கம் கிடைத்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கோப்பின் வால் அறுந்துபோன வகை ஒன்றும் உண்டு. இறக்கம் பாதியில் நின்ற கோப்புகள் இப்படித்தான். ஜிப்பின் பொருளடக்கம் கடைசியில் இருக்கிறது. பின்பக்கம் கிழிந்த புத்தகத்தில் அத்தியாயங்கள் இருந்தும் பக்க எண் பட்டியல் இல்லாததைப் போல. லினக்ஸ், மேக் கணினிகளில் ஒரே கட்டளையால் அந்தப் பட்டியலைத் திரும்ப உருவாக்கிப் பார்க்கலாம்:

```
zip -FF ketta.pptx --out puthiya.pptx
```

இது ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தையும் தேடிப் பிடித்துப் புதுப் பட்டியல் போடும். வால்பகுதியில் இருந்த துண்டுகள் திரும்பாது. கிடைத்ததையும் பவர்பாயிண்ட் நேராகத் திறக்காமல் போகலாம். அப்போதும் உள்ளே இருக்கும் படங்களைத் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி 17, 18. இங்கேதான் பிடிஎஃப் உதவிக்கு வருகிறது. ஆனால் அது என்ன தரும், என்ன தராது என்று தெரிந்திருக்க வேண்டும். பக்கம் எப்படி இருந்தது என்பதை அச்சாகக் காட்டும். திருத்தக்கூடிய ஸ்லைடைத் தராது. பலர் அந்தப் பக்கத்தைப் படமாக எடுத்து ஸ்லைடில் ஒட்டிவிடுவார்கள். நாளைக் காலையே பேச வேண்டும் என்றால் அது போதும். பின்னால் ஓர் எண்ணை மாற்ற வேண்டி வந்தால் திண்டாட்டம்.

17ஆம் ஸ்லைடில் இருந்தது ஏரியின் வரைபடப் படம். பிடிஎஃப்பிலிருந்து வெட்டினால் மங்கலாக வரலாம். ஜிப்பாக மாற்றிய பிரதியில் media ஃபோல்டரைத் திறந்தால் அங்கே படம் தனிக்கோப்பாக, பெரும்பாலும் இன்னும் தெளிவாக இருக்கும். பெயர் image9.png என்பதுபோல இருக்கும். எது எது என்று கண்ணால் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். slide17.xml என்ற பெயரை நம்பி அதுதான் 17ஆம் ஸ்லைடு என்று முடிவு செய்யவும் கூடாது. ஸ்லைடுகளை இடம் மாற்றினாலும் கோப்புப் பெயர் மாறாமல் நிற்கலாம், வரிசை presentation.xml என்ற வேறொரு கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது.

18இல் இருந்தது மாதவாரி நீர்மட்டப் பட்டை வரைபடம். பிடிஎஃப்பில் பட்டைகள் தெரிகின்றன, அவற்றின் துல்லியமான எண்கள் இல்லை. embeddings ஃபோல்டரில் இருக்கும் எக்செல் தாளைத் திறந்தால் எண்கள் அப்படியே கிடைக்கும். அதுவும் கெட்டிருந்தால், charts ஃபோல்டரில் உள்ள chart1.xml போன்ற கோப்பை நோட்பேடில் திறந்து பார்க்கலாம். வரைபடம் கடைசியாகக் காட்டிய எண்கள் அதிலும் பதிவாகியிருக்கும். அவற்றைப் புதிய வரைபடத்தில் போட்டு, பிடிஎஃப்பின் பட்டை உயரங்களோடு ஒத்துப்பார்த்தால் வேலை முடிந்தது.

எழுத்தை மீட்பதில் தமிழுக்கு ஒரு தனித் தொல்லை. பிடிஎஃப்பிலிருந்து தமிழ் வரியை நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி வரக்கூடும். ‘கொள்ளளவு’ என்பது ‘ெகாள்ளளவு’ என்று உருக்குலைந்து நிற்கும். பிடிஎஃப் எழுத்தை உச்சரிப்பு வரிசையில் வைக்காமல், கண்ணுக்குத் தெரியும் வடிவங்களின் வரிசையில் வைத்திருப்பதே காரணம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது என்றால், ஒட்டும்போது தமிழே வராது. ஆங்கில எழுத்துக் குவியல் வரும். அதை யூனிகோடு மாற்றிகள் சரிசெய்துவிடும். கொம்பு இடம் மாறியதைத் திருத்துவதுதான் சிரமம். ஒரே ஒரு ஸ்லைடு என்றால் பார்த்துத் திரும்பத் தட்டுவது விரைவு. பக்கங்கள் அதிகம் என்றால், அவற்றைப் படமாக எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால், படத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றித் தரும். பிழை பார்க்காமல் பயன்படுத்த முடியாது.

பிடிஎஃப் தவிர வேறு பிரதிகளும் எங்காவது கிடக்கும். ஒவ்வொரு ஸ்லைடையும் ஜேபெக் படமாக எடுத்து வைத்திருந்தால், தோற்றத்துக்குப் போதும். ஆனால் அகலத்திரை ஸ்லைடு வழக்கமான அமைப்பில் 1280 × 720 புள்ளிகளோடுதான் வரும், பெரிய திரையில் மங்கும். அவுட்லைன் என்ற ஆர்டிஎஃப் பிரதி இருந்தால், New Slide அடியில் Slides from Outline கொடுத்துத் தலைப்புகளையும் புள்ளிகளையும் ஸ்லைடுகளாகவே திரும்பப் பெறலாம். தனி எழுத்துப் பெட்டி வரைந்து அதில் தட்டியது அவுட்லைனில் ஏறுவதில்லை, படங்களும் இருக்காது.

கடைசியில் ஒப்புநோக்கு. பிடிஎஃப்பை ஒரு பக்கமும் புதிய கோப்பை மறுபக்கமும் வைத்து, ஸ்லைடு ஸ்லைடாகப் பார்க்க வேண்டும். மறைத்து வைத்த ஸ்லைடுகளும், பேச்சுக் குறிப்புகளும் பிடிஎஃப்பில் இல்லாமல் போயிருக்கலாம்; அனிமேஷனும் காணொளியும் அதில் எப்படியும் தெரியாது. அவற்றைப் புதிய கோப்பில் ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மாணவியின் புதிய கோப்பு 42 ஸ்லைடுகளோடு எச்சரிக்கை இல்லாமல் திறந்தால், அதைப் புதுப் பெயரில் சேமித்து, இன்னொரு கணினியிலும் ஒருமுறை திறந்து பார்க்கட்டும். பேச்சு முடியும் வரை கெட்ட கோப்பையும் அழிக்க வேண்டாம். விட்டுப்போன குறிப்பு ஒன்றைத் தேடி அதற்குள் திரும்பவும் போக வேண்டி வரலாம்.