எம்.எஸ்சி. முடித்தபின் பள்ளிக்கூடமா, மருந்து நிறுவனமா?

எம்.எஸ்சி. வேதியியல் முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டு பேச்சு மாறிமாறி நடக்கும். "பி.எட். படிச்சு டீச்சராயிடு, கவர்மெண்ட் வேலை" என்பார் அப்பா. "ஐதராபாத்ல மருந்து கம்பெனியில எடுக்கிறாங்களாம், உடனே சேரு" என்பார் பக்கத்து வீட்டு அண்ணன். இரண்டுமே நல்ல யோசனைதான். ஆனால் அப்பா மனதில் இருப்பது அரசு ஆசிரியரின் சம்பளம். அண்ணன் மனதில் இருப்பது பத்து வருடம் அனுபவம் பெற்றவரின் சம்பளம். படித்து முடித்தவுடன் இந்த இரண்டில் எதுவும் கைக்கு வராது. முதல் ஐந்தாறு ஆண்டு எப்படிப் போகும் என்பதை வைத்துத்தான் இந்த முடிவை எடுக்க வேண்டும்.

ஆசிரியர் வேலை என்றால் எந்த வேலை?

முதுகலை அறிவியல் படித்தவருக்குத் தமிழ்நாட்டில் ஆசிரியர் வேலை என்பது குறைந்தது மூன்று தனித்தனி வேலைகள்.

முதலாவது, அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பணி. எம்.எஸ்சி.யோடு பி.எட். வேண்டும்; ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வெல்ல வேண்டும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாய். 2025 ஜூலையில் அகவிலைப்படி 58 சதவீதம் ஆனதால் இரண்டும் சேர்ந்து 58,000 ரூபாயைத் தாண்டியது. ஓய்வூதியப் பங்களிப்பாக 10 சதவீதம் பிடித்தாலும், வீட்டு வாடகைப்படியும் சேர்ந்து 54,000 ரூபாய் அளவில் கைக்கு வரும்.

இரண்டாவது, தனியார் பள்ளி. படிப்பும் பாடமும் அதேதான். ஆனால் சிறு நகரத்து மெட்ரிக் பள்ளியில் 15,000 முதல் 20,000 ரூபாய் வரைதான் புதியவருக்குக் கிடைக்கிறது. பெருநகரத்துப் பெரிய பள்ளிகளிலும் நீட் பயிற்சி மையங்களிலும் இதைவிடக் கூடுதலாகக் கொடுப்பார்கள். அங்கே வேலை நேரமும் அதற்கேற்ப நீளும்.

மூன்றாவது, கல்லூரி. நெட் அல்லது செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால் உதவிப் பேராசிரியர் ஆகலாம். யு.ஜி.சி. ஊதிய விகிதத்தில் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். ஆனால் நிரந்தரப் பணி வரும்வரை பலரும் இருப்பது கவுரவ விரிவுரையாளர் என்ற இடத்தில். இவர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-இல் வரையறுத்தது. தமிழக அரசுக் கல்லூரிகளில் அவர்கள் நெடுங்காலம் வாங்கியது அதில் பாதியும் அதற்குக் கீழும்தான்.

ஆக, "டீச்சர் வேலை பாதுகாப்பானது" என்று வீட்டில் சொல்லப்படுவது முதலாவதற்கு மட்டுமே பொருந்தும். மற்ற இரண்டும் பெரும்பாலோருக்குக் காத்திருக்கும் இடங்கள்.

கம்பெனியில் கைக்கு வருவது எவ்வளவு?

வேதியியல் முடித்தவர்களை அதிகம் எடுப்பது மருந்து நிறுவனங்களின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. புதியவருக்கு ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் என்று ஆணை வந்தால், மாதம் 25,000 என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். அது சி.டி.சி., அதாவது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி, நம்மிடம் பிடிக்கும் அதே நிதி, பணிக்கொடைக்கு ஒதுக்கும் தொகை, ஆண்டு முடிவில் தரும் போனஸ் எல்லாம் அந்த 3 லட்சத்துக்குள் அடங்கும். இவை போகக் கைக்கு வருவது 20,000 ரூபாய் அளவில் இருக்கும். ஐதராபாத்திலோ பெங்களூரிலோ அறை வாடகையும் சாப்பாடும் அதில் பாதியைத் தின்றுவிடும். ஆணையில் பயிற்சிக் காலம் எத்தனை மாதம், ஒப்பந்தப் பத்திரம் உண்டா, வேலையை விட எத்தனை மாத முன்னறிவிப்பு கேட்கிறார்கள் என்பதையும் கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும்.

பத்து வருடக் கணக்கு

ஒரே வகுப்பில் படித்த இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இது நானாகப் போட்ட கணக்கு; ஊருக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப மாறும்.

ஒருவர் 20,000 ரூபாய்க்கு மருந்து நிறுவனத்தில் சேருகிறார். நிறுவனம் மாறுவதையும் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாக 10 சதவீதம் சம்பளம் ஏறுகிறது. பத்தாம் ஆண்டில் அவர் வாங்குவது 47,000 ரூபாய். பத்து ஆண்டில் மொத்தம் சுமார் 38 லட்சம்.

மற்றவர் பி.எட். சேருகிறார். 2015 முதல் அது இரண்டு ஆண்டுப் படிப்பு. அந்த இரண்டு ஆண்டும் வருமானம் இல்லை, கட்டணமும் போக்குவரத்துமாக ஒரு லட்சம் செலவு. பிறகு தனியார் பள்ளியில் 18,000 ரூபாய்க்குச் சேர்ந்து, ஆண்டுக்கு 5 சதவீத உயர்வோடு, தேர்வுக்கும் படிக்கிறார்.

ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில் அரசுப் பணி கிடைத்துவிட்டால் பத்து ஆண்டில் அவர் ஈட்டுவது சுமார் 42 லட்சம். கம்பெனி நண்பரை முந்திவிட்டார். மாதச் சம்பளத்திலும் அவரைவிட மேலே இருக்கிறார். அதே பணி ஒன்பதாம் ஆண்டில்தான் கிடைத்தால் மொத்தம் 27 லட்சமாகக் குறைகிறது. கிடைக்கவே இல்லை என்றால் சுமார் 20 லட்சம். பத்தாம் ஆண்டிலும் சம்பளம் 25,000 ரூபாய்தான்.

படிப்பும் உழைப்பும் ஒன்றாக இருந்தும், வேலை எந்த ஆண்டில் கிடைத்தது என்பதில் மட்டும் 22 லட்சம் வித்தியாசப்படுகிறது. இந்தத் தேதி முழுக்க நம் கையில் இல்லை. முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கு 2019-இல் அறிவிப்பு வந்தது, அடுத்து 2021-இல், அதற்கடுத்து 2025-இல். 2021 அறிவிப்பின் தேர்வில் சில மதிப்பெண்ணில் தவறவிட்டவர் அடுத்த அறிவிப்புக்கு மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருந்தார். அந்தக் காத்திருப்புக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

நிலைத்தன்மை: இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியவை

அரசுப் பணியில் தகுதிகாண் பருவம் முடிந்துவிட்டால் வேலை போகும் பயம் இல்லை. மகப்பேறு விடுப்பும் மருத்துவக் காப்பீடும் உண்டு. ஆனால் பெரியவர்கள் மனதில் வைத்திருக்கும் பழைய ஓய்வூதியம் 2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்களுக்கு நிறுத்தப்பட்டு, அவர்கள் பங்களிப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். அதை எதிர்த்து ஜாக்டோ-ஜியோ பல ஆண்டு போராடியது. முதல் பணியிடம் சொந்த ஊருக்கு அருகில் அமையும் என்ற உறுதியும் இல்லை. தென்மாவட்டத்துக்காரர் கிருஷ்ணகிரியிலோ திருவண்ணாமலையிலோ சேர்ந்து, இடமாறுதல் கலந்தாய்வுக்காகப் பல ஆண்டு காத்திருப்பது வழக்கம்.

மருந்து நிறுவனத்தின் நிலைத்தன்மை வேறு விதம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆய்வாளர்கள் வந்து குறை கண்டு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினால், அந்த ஆலையின் புதிய மருந்துகளுக்கான அனுமதி தடைபடலாம். அப்போது முதலில் வெளியேறுவது ஒப்பந்த ஊழியர்கள். ஆனால் கையில் தொழில் தெரிந்தவருக்கு அடுத்த ஆலையில் இடம் உண்டு. இங்கே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூன்றாம் ஆண்டிலும் முதல் ஆண்டில் செய்த அதே சோதனையைத்தான் செய்துகொண்டிருக்கிறேனா? ஆம் என்றால் சம்பளம் அங்கேயே நின்றுவிடும். புதிய சோதனை முறையை உருவாக்கவும் அதைச் சரிபார்க்கவும் கற்றவர், ஆய்வாளர் முன் ஆவணங்களை விளக்கத் தெரிந்தவர், அனுமதி விண்ணப்பங்களைத் தயாரிக்கும் பிரிவுக்கு மாறியவர் ஆகியோருக்குத்தான் அந்த 10 சதவீத உயர்வு தொடர்ந்து வருகிறது.

ஒரு நாள் எப்படிப் போகும்?

மனநிறைவைப் பொதுவாகப் பேசிப் பயனில்லை. அன்றாடம் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

தரக் கட்டுப்பாட்டுக் கூடத்தில் ஒரு மாத்திரை, உடல் வெப்பத்தில் இருக்கும் திரவத்தில் எவ்வளவு நேரத்தில் எத்தனை சதவீதம் கரைகிறது என்று பார்ப்பார்கள். குறித்த நிமிடங்களில் மாதிரி எடுத்து, வடிகட்டி, எச்.பி.எல்.சி. கருவியில் ஏற்றினால் அது இரவு முழுக்க ஓடும். காலையில் ஒரு முடிவு வரம்புக்குக் கீழே வந்திருந்தால், திரும்பச் செய்து சரியான எண்ணை எழுதிவிட முடியாது. எடை போட்டது யார், கரைசல் எப்போது தயாரானது, கருவி கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது என்று காரணத்தைத் தேடி எழுத்தில் வைக்க வேண்டும். செய்த வேலையைவிட அதைப் பதிவு செய்வதற்கு அதிக நேரம் போகும். துல்லியத்தில் நிறைவு காண்பவருக்கு இது அருமையான வேலை. ஷிப்டும் திரும்பத் திரும்ப வரும் சோதனையும் ஒத்துவராதவர் இரண்டு ஆண்டில் சலித்துவிடுவார்.

பள்ளியில் பிளஸ் டூ பருமனறி பகுப்பாய்வு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பியூரெட்டில் பெர்மாங்கனேட். ஒரு சொட்டு கூடினால் இளஞ்சிவப்பு அடர்ந்துவிடும். முதல் தடவை எல்லாப் பிள்ளைகளும் தாண்டிவிடுவார்கள். அடைப்பானைப் பாதி திருகிச் சொட்டை நிறுத்தும் விதத்தைக் கற்றுக்கொண்டு, இரண்டு தடவை ஒரே அளவு வந்ததும் "மிஸ், வந்துடுச்சு" என்பார்கள். அந்தக் குரலுக்காகவே வேலையில் இருக்கும் ஆசிரியர்கள் உண்டு. அதே ஆசிரியர் அன்று மாலை எமிஸ் தளத்தில் விவரங்களை ஏற்ற வேண்டும், தேர்தல் வந்தால் அந்தப் பணிக்குப் போக வேண்டும், பொதுத் தேர்வில் தேர்ச்சி குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். ஒரே பாடத்தை ஐந்தாவது தடவை விளக்கும்போது எரிச்சல் வருகிறவர், பாதுகாப்பான வேலை என்பதற்காக மட்டும் இங்கே வரக் கூடாது. அதன் விலையைப் பிள்ளைகள் கொடுப்பார்கள்.

என்ன முடிவு எடுக்கலாம்?

கற்பிக்கப் பிடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்தவர் எம்.எஸ்சி. முடித்த கையோடு பி.எட். சேருவதே நல்லது. தேர்வின் 150 மதிப்பெண்ணில் 110 மதிப்பெண் முதுகலைப் பாடத்திலிருந்து வருகிறது; கம்பெனியில் நான்கைந்து ஆண்டு கழித்துத் திரும்பும்போது அந்தப் பாடம் மறந்திருக்கும். தமிழ்த் தகுதித் தாளையும் அலட்சியம் செய்யக் கூடாது. அதில் தேறாவிட்டால் பாடத் தாள் திருத்தப்படாது. தனியார் பள்ளியில் காத்திருக்கும்போது, பணி ஆணை எழுத்தில் தருகிறார்களா, மே மாதச் சம்பளம் உண்டா, வைப்பு நிதி பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

வீட்டில் கடன் இருக்கிறது, இரண்டு ஆண்டு வருமானமின்றி இருக்க முடியாது என்றால் கம்பெனியில் சேருவதில் தயக்கமே வேண்டாம். அது இரண்டாந்தர முடிவு ஆகாது.

ஆசிரியர் பாதையில் போகிறவர் சேரும் நாளிலேயே ஓர் எல்லையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: இரண்டு அறிவிப்புகள், அவ்வளவுதான். இரண்டிலும் கிடைக்காவிட்டால் நீட் பயிற்சி மையமோ பெரிய பள்ளியோ தொழில்துறையோ, சம்பளம் தரும் இடத்துக்கு நகர வேண்டும். பெற்றோரும் அந்த எல்லையை ஏற்றுக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரு தடவை எழுதிப் பாரு" என்று வருடா வருடம் சொல்வது அன்பினால்தான். ஆனால் அந்த ஒவ்வொரு வருடமும் பிள்ளையின் இருபதுகளிலிருந்துதான் கழிகிறது.