பின்னால் வரும் எதிரியின் காலடி முன்னால் கேட்டால்

பிளேஸ்டேஷன் 5-ஐ டிவியில் செருகி, டிவியின் ARC என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ துளையிலிருந்து சவுண்ட்பாருக்குக் கேபிள் போட்டாயிற்று. டிவியில் சிஇசி வசதியையும் ஆன் செய்தாயிற்று. சத்தம் வருகிறது. ஆனால் பின்னாலிருக்கும் ஸ்பீக்கர்கள் மட்டும் மௌனம்.

காரணம் எளிது. கன்சோல் வழக்கமாக ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் வடிவில் அனுப்பும். பழைய ஆர்க் வழியில் பிசிஎம் இரண்டு சேனலுக்கு மேல் போகாது. 5.1 ஒலி அதற்குள் நுழைய வேண்டுமானால் டால்பி டிஜிட்டல் போன்ற வடிவில் சுருங்க வேண்டும். கன்சோலின் Settings, Sound, Audio Output பகுதியில் Audio Format என்பதை டால்பி ஆக்குங்கள். டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம்மை விட்டு Auto அல்லது Pass Through வையுங்கள். இரண்டில் ஒன்றை மறந்தாலும் பலன் இல்லை. டிவியும் சவுண்ட்பாரும் இஆர்க் உள்ளவை என்றால், பல சேனல் பிசிஎம்மே நேராகப் போகும். சவுண்ட்பார் அதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான்.

துப்பாக்கி வெடித்த பிறகு சத்தம் வருகிறதா, முன்பே வருகிறதா என்று கவனியுங்கள். முன்பே வந்தால் டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுக்கிறது. கேம் மோடு போடுங்கள். பிறகு வந்தால் சவுண்ட்பாரின் ஒலித் தாமத அளவைப் பூஜ்யமாக்குங்கள், அது ஒலியைத் தள்ளிப்போட மட்டுமே செய்யும். அப்படியும் பிந்தினால் டால்பியாகச் சுருக்கும் வேலையே காரணமாக இருக்கலாம். வேகமான போட்டி ஆட்டத்துக்கு நான் பிசிஎம் ஸ்டீரியோவையே தேர்ந்தெடுப்பேன்.